பொன்னிற வயல் எந்த மாதத்தைச் சொல்கிறது?

மழைக்காலம் தொடங்கிவிட்டால் மூழ்கிய வயல்களின் படங்கள் கைப்பேசிக்குக் கைப்பேசி பரவும். சில அன்றைக்கு எடுத்தவை, சில முந்தைய ஆண்டுகளில் எடுத்தவை, சில வேறு மாநிலத்தவை. எதிலும் தேதி இருக்காது. இலையின் நிறத்தையும் பனியையும் பயிரையும் பார்த்தாலே காலம் தெரிந்துவிடும் என்று நம்பிப் பலர் உடனே முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்த நம்பிக்கையில் பாதி சரி. மீதிப் பாதிதான் நம்மைத் தவறாக வழிநடத்துகிறது. இலையையும் பனியையும் சுருக்கமாகப் பார்த்துவிட்டு நெல்லுக்கு வருகிறேன். அங்கே ஒரு தவறான படம், உண்மையாகவே பயிரை இழந்தவரின் பேச்சையும் நம்ப முடியாததாக ஆக்கிவிடுகிறது.

நம்பிக்கை: இலை சிவந்திருந்தால் இலையுதிர்காலம்.

காஷ்மீரின் சினார் மரங்களுக்கு இது பொருந்தும். அக்டோபர் கடைசியிலிருந்து நவம்பர் நடுப்பகுதி வரை அவை சிவந்து பழுப்பாகும். ஆனால் மெல்போர்னில் அதே நிறம் ஏப்ரல், மே மாதங்களில் வரும். நம் ஊரிலோ சிவப்பு இலை பெரும்பாலும் கொழுந்து. மா, இலுப்பை, பூவம் ஆகியவற்றின் தளிர்கள் செம்பு நிறத்தில் விரிந்து, பிறகுதான் பச்சையாகும். நாட்டு வாதுமை மட்டும் உதிர்வதற்கு முன் சிவக்கும். அதுவும் பல இடங்களில் ஆண்டுக்கு இருமுறை இலை உதிர்க்கும்.

கொழுந்தா, முதிர்ந்த இலையா என்பதைப் படத்திலேயே பிரித்துவிடலாம். கொழுந்து கிளையின் நுனியில் இருக்கும். சிறியதாகவும் மினுமினுப்பாகவும் துவண்டு தொங்கியும் காணப்படும். உதிரப்போகும் இலை முழு அளவில் இருக்கும். அதில் புள்ளியும் ஓட்டையும் தெரியும், மரத்தடியிலும் அதே நிறச் சருகு கிடக்கும்.

மொட்டை மரத்தைக் குளிர்காலத்தின் அடையாளமாகக் கொள்வதும் இதே வகைத் தவறுதான். முதுமலையில் தேக்கு இலையை உதிர்ப்பது நீர்ப் பற்றாக்குறையால். அங்கே பிப்ரவரி, மார்ச் மாதங்களின் வெயிலில்தான் காடு மொட்டையாக நிற்கும்.

நம்பிக்கை: பனி தெரிந்தால் குளிர்காலம், தெரியாவிட்டால் குளிர்காலம் இல்லை.

ஏறத்தாழ 4,000 மீட்டர் உயரத்தில் இருக்கும் ரோதங் கணவாயில் மே மாதத்திலும் சாலையோரம் பனிச்சுவர் நிற்கும். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பநிலை சுமார் 6.5 டிகிரி குறைகிறது. அதனால் பனி முதலில் உயரத்தைத்தான் சொல்கிறது. மறுபுறம், லே நகரில் ஆண்டு முழுவதற்கும் சேர்த்துச் சுமார் 100 மில்லிமீட்டர் மழையும் பனியும்தான். கடும் குளிரிலும் அந்த மண் பெரும்பாலும் பழுப்பாகவே கிடக்கும். 2024 ஜனவரியின் பெரும்பகுதியில் குல்மார்க்கின் சரிவுகள் பனியின்றி இருந்தன. அந்தப் படங்களைப் பார்த்து இது ஜனவரியாக இருக்காது என்று சொல்லியிருந்தால் தவறாகியிருக்கும்.

பனி இருக்கிறதா என்று கேட்பதைவிட, அது எப்படிப்பட்ட பனி என்று கேளுங்கள். புதிதாகப் பெய்தது மரக்கிளைகளிலும் கம்பிகளிலும் வெண்மையாகப் படிந்திருக்கும். பழையது அழுக்கேறி, குழிகுழியாக, நிழலான பள்ளங்களில் மட்டும் மிஞ்சியிருக்கும். "உதகையில் பனிப்பொழிவு" என்று வரும் படங்களில் இருப்பது பெரும்பாலும் உறைபனி. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை, வானம் தெளிந்த இரவுகளில், பள்ளத்தாக்கின் புல்தரையில் படிந்து, வெயில் ஏறியதும் மறைந்துவிடும். வெண்மை தனித்தனி மணிகளாகத் தெரிந்து, அருகிலுள்ள செடிகளின் இலைகளும் கிழிந்திருந்தால் அது ஆலங்கட்டி மழை. கோடை மழையோடும் அது வரும்.

நம்பிக்கை: நெல் பொன்னிறமாக இருந்தால் தை மாதம்.

பயிர் ஆண்டுக்கு ஒருமுறைதான் என்றால் நிறமே நாள்காட்டி. பஞ்சாபில் கோதுமை வயல் பொன்னிறமாக இருந்தால் ஏப்ரல் என்று துணிந்து சொல்லலாம். காவிரி டெல்டாவில் அது நடக்காது. குறுவை செப்டம்பரிலும் அக்டோபரிலும் முற்றும். சம்பா ஜனவரியில் முற்றும். தாளடி பிப்ரவரியை ஒட்டி அறுவடைக்கு வரும். செங்கல்பட்டு, திருவள்ளூர் பக்கம் போனால் சொர்ணவாரியும் நவரையும் வேறு மாதங்களில் பழுக்கும். குமரியில் கன்னிப்பூவும் கும்பப்பூவும் வேறொரு கணக்கு. ஆகவே ஊர் தெரியாமல் பருவம் சொல்லவே முடியாது. இடத்தை முதலில் உறுதி செய்யுங்கள், மாதம் பிறகு.

இடம் தெரிந்த பின், விதைத்து எத்தனை நாள் என்றுதான் பலரும் கணக்குப் போடுவார்கள். அந்தத் திசையில் போனால் வழி தவறும். ஏடிடி 43 சுமார் 110 நாளில் அறுவடைக்கு வரும். சி.ஆர். 1009 சுமார் 155 முதல் 160 நாள் எடுக்கும். விதைத்து 40 நாளான இரண்டு வயல்களையும் படத்தில் பார்த்தால் ஒரே மாதிரிதான் இருக்கும், இரண்டுமே பச்சையாகத் தூர் கட்டிக்கொண்டு. ஆனால் ஒன்றுக்கு அறுவடைக்கு இன்னும் 70 நாள், மற்றதற்கு ஏறக்குறைய 120 நாள். ரகங்களுக்கிடையே வயது வேறுபடுவது பெரும்பாலும் இந்த வளர்ச்சிப் பருவத்தில்தான்.

அதற்குப் பிறகு எல்லா ரகங்களும் கிட்டத்தட்ட ஒரே வேகத்தில் போகின்றன. தண்டுக்குள் கதிர் உருவாகத் தொடங்கியதிலிருந்து பூக்கும் வரை சுமார் 35 நாள். பூத்ததிலிருந்து அறுவடை வரை நம் வெப்பத்தில் சுமார் 30 நாள். எனவே அறுவடை நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். பொதி கட்டி, இலையுறை பருத்திருந்தால் அறுவடைக்கு ஏறத்தாழ 40 நாள் இருக்கிறது. கதிர் பச்சையாக நிமிர்ந்து நின்று பூத்திருந்தால் ஒரு மாதம். பால் பிடித்துத் தலை சாயத் தொடங்கியிருந்தால் மூன்று வாரம். கதிரின் மேல்பாதி பொன்னிறமாகி, அடியில் பச்சை மிஞ்சியிருந்தால் பத்து நாள் அளவில். கதிர் வெளிவந்த வயலின் படத்தை வைத்து ஒரு வாரம் முன்பின்னாகச் சொல்லிவிடலாம். கதிர் இல்லாத பச்சை வயலை வைத்து மாதத்தைச் சொல்பவரை நான் நம்பமாட்டேன்.

நிறத்தை மட்டும் நம்பினால் இன்னொரு விதத்திலும் ஏமாறுவோம். நட்ட ஒரு வாரத்துக்கு நாற்று மஞ்சளாகத்தான் நிற்கும். தழைச்சத்துக் குறைந்தால் அடியிலைகள் மஞ்சளாகும். துங்ரோ நோய் தாக்கினால் பயிர் ஆரஞ்சு நிறத்துக்கு மாறிக் குட்டையாக நிற்கும். முற்றிய வயலில் கதிர்தான் பொன்னிறம். நன்றாக விளைந்த பயிரில் உச்சியிலுள்ள கண்ணாடி இலை அப்போதும் கொஞ்சம் பச்சையாக இருக்கும். மாலை வெயிலில் எடுத்த படம் பச்சை வயலையும் பொன்னாக்கிக் காட்டும் என்பதால், படத்தில் உள்ள வெள்ளை வேட்டியையோ கொக்கையோ பாருங்கள். அதுவும் மஞ்சளாகத் தெரிந்தால் வயலின் நிறத்தை நம்ப வேண்டாம்.

இனி ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். பொன்னிறக் கதிர்கள் தண்ணீரில் சாய்ந்து கிடக்கின்றன. ஒருவர் ஒரு கதிரைத் தூக்கிக் காட்டுகிறார், நெல்மணிகளில் வெள்ளை முளை தெரிகிறது. "நவம்பர் கடைசி வாரம், திருவாரூர் மாவட்டம், நேற்றைய புயல் மழை" என்று கீழே எழுதியிருக்கிறது.

பின்னோக்கி எண்ணுவோம். கதிர் முழுதாக முற்றியிருப்பதால் அது அக்டோபர் கடைசியில் பூத்திருக்க வேண்டும். 110 நாள் ரகமென்றால் ஆகஸ்ட் தொடக்கத்தில் விதைத்திருக்க வேண்டும். 155 நாள் ரகமென்றால் ஜூன் பிற்பகுதியில். வழக்கமான குறுவைக்கு முதல் தேதி மிகப் பிந்தியது. வழக்கமான சம்பாவுக்கு இரண்டாவது மிக முந்தியது. திருவாரூரில் நவம்பர் கடைசியில் பெரும்பாலான வயல்கள் கதிர் வராத பச்சையாகவே இருக்கும். அந்த மாத வெள்ளத்தில் மூழ்குவது பெரும்பாலும் இளம்பயிர். முற்றிய கதிர் சாய்ந்து கிடக்கும் படங்கள் 2021 ஜனவரி மழையிலும் 2023 பிப்ரவரி தொடக்கத்து மழையிலும் டெல்டாவிலிருந்து ஏராளமாக வந்தன. முளையும் சாட்சி சொல்கிறது. கதிரிலேயே நெல் முளைக்க ஈரத்தில் சில நாள் கிடக்க வேண்டும், ஒரு நாள் மழை போதாது.

இத்தனைக்குப் பிறகும் "பொய்ப் படம்" என்று தீர்ப்பெழுத முடியாது. மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-இல் திறக்கப்படும். 2022-இல் மே 24-லேயே திறந்தார்கள், 2024-இல் ஜூலை 28-இல்தான் திறந்தார்கள். இரண்டு மாத வித்தியாசம் இது. பம்புசெட் உள்ளவர்கள் அணைக்குக் காத்திருப்பதும் இல்லை. ஆகஸ்டில் குறுகிய கால ரகம் விதைத்த ஒருவரின் வயலாக அது இருக்கலாம்.

அந்த ஐயத்தைத் தீர்ப்பவை அக்கம்பக்கத்து வயல்கள். பின்புலத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் எல்லாமே பொன்னிறமாக இருந்தால் அது சம்பா அறுவடைக் காலம், ஜனவரியை ஒட்டியது. பொன்னிறத்துக்குப் பக்கத்தில் இளம்பச்சை நடவும், சேறடித்த வயலும், நாற்றங்காலும் இருந்தால் குறுவை அறுவடை, செப்டம்பர் அல்லது அக்டோபர். அறுத்த தாளுக்கிடையே உளுந்து, பயறு இளஞ்செடிகள் தெரிந்தால் பெரும்பாலும் ஜனவரி கடைசிக்குப் பிந்தியது. சம்பா, தாளடி அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே நிற்கும் பயிரில் உளுந்து தெளிப்பது டெல்டா வழக்கம். நம் படத்தில் சுற்றிலும் பொன்னிறம் மட்டுமே தெரிந்தால், நவம்பர் என்ற குறிப்பை நான் ஏற்கமாட்டேன்.

படத்திலிருந்து ஊரின் தட்பவெப்பத்தைச் சொல்பவர்களுக்கும் ஒன்று. பாசன வயலின் பச்சை, தண்ணீர் கிடைத்ததைத்தான் சொல்கிறது. அது வாய்க்கால் தண்ணீரா, ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரா, மழையா என்று பயிர் சொல்லாது. மழையை அறிய வரப்பின் புல்லையும் பயிரிடாத பொட்டலையும் பாருங்கள். வயல் பச்சையாகவும் பொட்டல் காய்ந்தும் இருந்தால் அது மழையில்லாத காலம்.

பயிர்ச் சேதத்தைப் படமெடுக்கும் விவசாயிகளுக்கும் செய்தியாளர்களுக்கும் என் வேண்டுகோள் இது. ஒரு கதிரை அருகில் ஒரு படம், வயல் முழுவதும் ஒரு படம், வரப்போடு பக்கத்து வயல்களும் தெரிய ஒரு படம் என்று மூன்று எடுங்கள். ரகத்தின் பெயர், விதைத்த தேதி, ஊர் ஆகியவற்றையும் உடன் எழுதி அனுப்புங்கள்.