போட்டோவைப் பார்த்தே டேப்பைக் கண்டுபிடிக்கலாம்: பழைய டேப் வாங்கப் போகிறவர்களுக்குச் சில குறிப்புகள்

பிள்ளைக்குப் பழைய டேப் ஒன்று வாங்கலாம் என்று விளம்பரம் பார்க்கிறீர்களா தோழிகளே? 'நல்ல கண்டிஷன், ஒரே கை' என்றுதான் எல்லோரும் போடுவார்கள். எந்த வருஷத்து மாடல் என்று சொல்ல மாட்டார்கள். திருமங்கலத்திலிருந்தோ மேலூரிலிருந்தோ மதுரைக்கு பஸ் ஏறும் முன்னால், வீட்டில் உட்கார்ந்தபடியே போட்டோவை வைத்துத் தெரிந்துகொள்ள வழி இருக்கிறது.

1. விற்பவரிடம் நான்கு போட்டோ கேளுங்கள்: திரை அணைந்த நிலையில் முன்பக்கம், கேமராவோடு பின்பக்கம், சார்ஜ் போடும் துளை கிட்டத்தில், பக்கவாட்டு விளிம்பு. முன்பக்கப் போட்டோவில் ஒரு பாடப்புத்தகத்தை அருகில் வைக்கச் சொன்னால் திரையின் அளவும் புரிந்துவிடும். வெயில் வெளிச்சத்தில் எடுக்கச் சொல்லுங்கள், கீறல் மறையாது.

2. முதலில் சார்ஜ் துளையைப் பாருங்கள், வயதை அதுதான் சீக்கிரம் காட்டிக்கொடுக்கும். கட்டைவிரல் அகலத்துக்கு நீளத் துளை இருந்தால் அது ஆப்பிளின் முதல் மூன்று ஐபேடுகளில் ஒன்று. இலவசமாகக் கொடுத்தாலும் படிப்புக்கு ஆகாது. ஒரு பக்கம் அகலமாகவும் மறுபக்கம் குறுகியும் இருந்தால் மைக்ரோ யூஎஸ்பி. அந்த டேப் பெரும்பாலும் 2020-க்கு முந்தியது. இரண்டு ஓரமும் உருண்டு, நடுவில் நாக்கு போல ஒரு தகடு தெரிந்தால் டைப் சி. அதே போலச் சிறிய துளை, ஆனால் உள்ளே நாக்கு இல்லை என்றால் ஆப்பிளின் லைட்னிங். டைப் சி என்றால் வீட்டில் இருக்கும் போன் சார்ஜரே போதும், தனியாக வாங்கும் செலவு மிச்சம். அந்த நாக்கு வளைந்திருந்தாலோ பச்சைப் பூப்பூத்திருந்தாலோ துளை மாற்றும் கூலியையும் விலையோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

3. அடுத்தது திரையைச் சுற்றியுள்ள கறுப்பு அல்லது வெள்ளை ஓரம். சாம்சங் டேப்பில் கீழ் ஓரத்தில் அமுக்கும் பொத்தான் இருந்தால் 2017 வாக்கிலோ அதற்கு முன்போ வந்தது, வேண்டாம். முன் கேமரா நீள ஓரத்தில் இருந்தால் டேப்பைப் படுக்கையாக வைத்து ஆன்லைன் வகுப்பு பார்க்கும்போது பிள்ளையின் முகம் நேராகத் தெரியும். குட்டை ஓரத்தில் இருந்தால் முகம் ஒருபக்கமாகத்தான் விழும், மற்றபடி குறை ஒன்றுமில்லை.

4. ஏமாற்றம் அதிகம் நடப்பது ஐபேடில்தான். 'ஐபேட் ஏர், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு ஏற்றது' என்று ஒரு விளம்பரம் வருகிறது என்று வையுங்கள். 2013-ன் ஏர், 2014-ன் ஏர் 2, 2017-ன் ஐந்தாம் தலைமுறை, 2018-ன் ஆறாம் தலைமுறை, நான்கும் முன்பக்கத்தில் அக்கா தங்கை மாதிரியே இருக்கும். வட்டப் பொத்தானின் நடுவே சின்னச் சதுரம் வரைந்திருந்தால் அது 2013-ன் ஏர். அதில் கைரேகைப் பூட்டு கிடையாது, பக்கவாட்டில் சத்தத்தை நிறுத்தும் சின்ன ஸ்விட்சும் இருக்கும். சதுரம் இல்லாமல் உலோக வளையம் மட்டும் இருந்தால் மற்ற மூன்றில் ஒன்று.

5. அந்த மூன்றைப் பிரிக்கப் போட்டோ போதாது, பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் மாடல் எண்ணைக் கேளுங்கள். A1474 அல்லது A1475 என்றால் முதல் ஏர். A1566 அல்லது A1567 ஏர் 2, A1822 அல்லது A1823 ஐந்தாம் தலைமுறை, A1893 அல்லது A1954 ஆறாம் தலைமுறை. முதல் ஏர் ஐஓஎஸ் 12-லேயே நின்றுவிட்டது, புது ஆப் பலவும் அதில் ஏறாது. ஏர் 2 பதினைந்திலும், ஐந்தாம் தலைமுறை பதினாறிலும், ஆறாம் தலைமுறை பதினேழிலும் நின்றன. என்னைக் கேட்டால் இன்னும் மூன்று நான்கு வருஷம் படிக்கப்போகும் பிள்ளைக்கு முதல் இரண்டும் வேண்டவே வேண்டாம். ஐந்தாவது மிகவும் மலிவாகக் கிடைத்தால் பாடம் பார்க்க மட்டும். ஆறாவதை யோசிக்கலாம், ஆப்பிள் பென்சிலால் எழுதவும் வரும். சாம்சங்கில் இந்த எண் SM-T500 போல இருக்கும்; அதைத் தேடினால் வெளிவந்த வருஷம் கிடைத்துவிடும்.

6. பின் கேமராவைச் சும்மா விடாதீர்கள். நம் சமச்சீர் பாடப்புத்தகங்களில் 2018-லிருந்து க்யூஆர் கட்டம் அச்சிட்டு வருகிறார்கள், அதைத் தீக்‌ஷா ஆப்பில் ஸ்கேன் செய்தால் பாட வீடியோ வரும். மலிவு டேப்புகள் பலவற்றின் கேமரா கிட்டத்துப் பொருளில் தானாகக் குவியாது, கட்டம் கலங்கலாகவே தெரியும். லென்ஸைப் பார்த்து இதைச் சொல்லவே முடியாது. அதனால் அந்த டேப்பாலேயே ஒரு பாடப்புத்தகப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பொடி எழுத்து வாசிக்க முடிந்தால் வீட்டுப்பாடம் எடுத்து அனுப்பவும் அந்தக் கேமரா போதும்.

7. பக்கவாட்டுப் போட்டோவில் திரைக்கும் சட்டத்துக்கும் நடுவே இடைவெளி தெரிகிறதா, முதுகு லேசாகப் புடைத்திருக்கிறதா என்று பாருங்கள். அது பேட்டரி வீங்கியதன் அடையாளம், தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு. விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

8. வீட்டில் வைஃபை இல்லையென்றால் ஓரத்தில் சிம் தட்டு இருக்கிறதா என்று கவனியுங்கள். மெமரி கார்டு தட்டும் அதே மாதிரி இருக்கும் என்பதால் மாடல் எண்ணால் உறுதி செய்யுங்கள்: SM-T500-ல் வைஃபை மட்டும், SM-T505-ல் சிம்மும் போடலாம். சிம் போடும் டேப் என்றால் ஐஎம்இஐ எண் செட்டிங்ஸில் இருக்கும். அதை வாங்கிக்கொண்டு, KYM என்று எழுதி ஓர் இடம் விட்டு அந்த 15 இலக்கத்தையும் சேர்த்து 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். பதிலில் வரும் கம்பெனியும் மாடலும் போட்டோவோடு ஒத்துப்போகவில்லை என்றாலோ, கறுப்புப் பட்டியலில் இருப்பதாக வந்தாலோ அதோடு விட்டுவிடுங்கள்.

9. டியூஷன் கம்பெனிகள் கொடுத்த டேப்புகளும் விற்பனைக்கு வருகின்றன. ஓரமும் துளையும் புத்தம்புதிதாக இருக்கும், ஆனால் சிலவற்றில் அந்தக் கம்பெனியின் ஆப்பைத் தவிர வேறெதுவும் திறக்காதபடி பூட்டியிருப்பார்கள். நேரில் வாங்கும்போது உங்கள் கண் முன்னாலேயே பழைய கணக்கை நீக்கி, ரீசெட் செய்து, உங்கள் போன் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து, உங்கள் கணக்கைப் போட்டுப் பாருங்கள். முகப்புத் திரை வந்த பிறகே பணம்.

10. கேமராவே இல்லை, திரை செய்தித்தாள் மாதிரி சாம்பல் நிறம், அதைச் சுற்றித் தடித்த ஓரம் என்றால் அது டேப் இல்லை. கிண்டில் போன்ற மின்நூல் கருவி. பேப்பர்வொயிட்டில் மைக்ரோ யூஎஸ்பி இருந்தால் 2018 அல்லது அதற்கு முந்தியது, டைப் சி இருந்தால் 2021 அல்லது அதற்குப் பிந்தியது. கண்ணுக்கு இதம், தமிழ்க் கதைப் புத்தகமும் படிக்கலாம். ஆனால் பாடப்புத்தகப் பிடிஎஃப் அந்தச் சின்னத் திரையில் பொடியாகிவிடும், வண்ணப் படங்கள் சாம்பலாகத் தெரியும், க்யூஆர் ஸ்கேனும் நடக்காது. கதை படிக்க மட்டும்தான் என்றால் அந்தப் பணத்தையும் மிச்சம் பிடியுங்கள். நத்தம் ரோட்டில் 2023-ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகளுக்கென்றே தனிப் பகுதி இருக்கிறது, பிள்ளையை அங்கே கூட்டிப் போங்கள்.