ஐந்தாவது அளவு

புதிதாக டேப் பிடிக்க வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு இதை எழுதுகிறேன். நாற்பக்க மனை ஒன்றை அளக்கப் போகும்போது மனதில் இருக்க வேண்டியவை இவை. ஒரே மனையை வைத்துச் சொல்கிறேன். கணக்கு புரிவதற்காக எண்கள் முழுசாக வரும்படி நானே அமைத்துக்கொண்ட மனை இது.

1. பழைய கிரயப் பத்திரத்தின் சொத்து விவரத்தில் இப்படித்தான் இருக்கும்: கிழமேல் வடபுறம் 78 அடி, தென்புறம் 74 அடி, தென்வடல் கீழ்புறம் 50 அடி, மேல்புறம் 26 அடி, ஆக 2888 சதுரடி. நான்கு பக்கமும் டேப்பில் சரியாக வந்தாலும் இந்த 2888-ஐ நம்பாதீர்கள். நான்கு பக்க அளவுகள் ஒரு மனையைக் கட்டிப்போடுவதில்லை. நான்கு மூலையிலும் ஒவ்வோர் ஆணி மட்டும் அடித்த மரச்சட்டத்தைத் தள்ளினால் எப்படிச் சாய்கிறதோ, அப்படியே அதே நான்கு பக்கங்களை வைத்துக்கொண்டு மனையும் சாயலாம். சாயச் சாயப் பரப்பு மாறும். சட்டத்தின் குறுக்கே ஒரு ரீப்பர் அடித்ததும் அசையாமல் நிற்கிறதல்லவா, மனைக்கு அந்த ரீப்பர்தான் மூலைவிட்டம். வாயு மூலையிலிருந்து அக்னி மூலைக்கு 80 அடி என்றால் இந்த மனை 2832 சதுரடி, அதாவது 6.50 சென்ட். அதே நான்கு பக்கங்களோடு அந்தக் குறுக்களவு 95 அடி என்றால் 2587 சதுரடிதான், 5.94 சென்ட். அரை சென்ட்டுக்கு மேல் வித்தியாசம் வருகிறது. பத்திரத்தில் ஓர் எழுத்துகூட மாறவில்லை.

2. அந்த 2888 எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள். எதிரெதிர்ப் பக்கங்களைக் கூட்டிப் பாதியாக்கிப் பெருக்கியிருக்கிறார்கள்: 78-க்கும் 74-க்கும் நடுவே 76, 50-க்கும் 26-க்கும் நடுவே 38, இரண்டையும் பெருக்க 2888. இது மிகப் பழைய வழக்கம். 628-இல் பிரம்மகுப்தர் எழுதிய பிரம்மஸ்புட சித்தாந்தத்திலேயே இது இருக்கிறது. ஆனால் அவர் இதைத் தோராயக் கணக்கு என்றே சொல்லிவிட்டு, துல்லியத்துக்கு வேறொரு சூத்திரம் தந்தார். அந்தச் சூத்திரமும் நான்கு மூலைகளும் ஒரே வட்டத்தின் மேல் விழும் மனைக்குத்தான் பொருந்தும். நம் மனைக்குப் போட்டால் 2848 என்று வரும், அதுவும் கூடுதல்தான். 1150-இல் லீலாவதி எழுதிய பாஸ்கரர், மூலைவிட்டமோ செங்குத்தோ சொல்லாமல் நாற்கரத்தின் பரப்பைக் கேட்பவரையும், கேட்டதும் பதில் சொல்பவரையும் சேர்த்தே கடிந்திருக்கிறார். அவர் பக்கம்தான் நானும்.

சராசரிக் கணக்கு நான்கு மூலைகளும் மூலைமட்டத்துக்குச் சரியாக நிற்பதாக வைத்துக்கொள்கிறது. அப்படி நின்றால் விடை சரி. ஒரு மூலை விரிந்தாலும் குறுகினாலும் விடை கூடுதலாகவே வரும், ஒருபோதும் குறைவாக வராது. அதனால் தவறு எப்போதும் ஒரே பக்கம்தான் சாய்கிறது. சதுரடிக்கு விலை பேசி வாங்குபவர் இல்லாத நிலத்துக்குப் பணம் கொடுக்கிறார். நம் மனையில் அது 56 சதுரடி. சாய்ந்த மனையாக இருந்தால் 301 சதுரடி.

3. அளக்கும்போது முதலில் எல்லைக்கற்களைக் கண்டுபிடியுங்கள், பிறகு டேப்பை எடுங்கள். பக்கத்துக்கு ஒரு புள்ளி, குறுக்களவுக்கு வேறொரு புள்ளி என்று பிடித்தால் கணக்கு எதற்கும் ஒத்துவராது. கல்லின் நடுவில் ஒரு புள்ளி வைத்து, எல்லா அளவையும் அதிலிருந்தே எடுங்கள். காம்பவுண்டுச் சுவர் இருந்தால் உள்முகமா வெளிமுகமா என்று முதலிலேயே முடிவு செய்து, கடைசிவரை மாற்றாதீர்கள். டேப்பின் சுழி வளையத்தின் வெளிநுனியில் தொடங்குகிறதா, சற்றுத் தள்ளித் தொடங்குகிறதா என்று பார்த்துவிடுங்கள். டேப்புக்கு டேப் மாறும்.

சரிவான நிலத்தில் டேப்பைத் தரையோடு படுக்கவிடாதீர்கள். பரப்பு என்பது மட்டத்தில் எடுத்த பரப்பு. 80 அடி தூரத்தில் நிலம் 8 அடி ஏறினால் தரையோடு அளக்கும்போது ஏறக்குறைய 5 அங்குலம் கூடிவிடும். டேப்பை மட்டமாகத் தூக்கிப் பிடித்து, தூக்குகுண்டால் புள்ளியை இறக்கி, துண்டு துண்டாக அளந்து கூட்டுங்கள்.

4. இனிக் கணக்கு. மூலைவிட்டம் மனையை இரண்டு முக்கோணங்களாக்கிவிட்டது. முக்கோணத்துக்கு மூன்று பக்கமும் தெரிந்தால் அது அசையாது. பள்ளியில் படித்த ஹெரான் சூத்திரம் போதும். மூன்று பக்கங்களையும் கூட்டிப் பாதியாக்கினால் s:

பரப்பு = √( s × (s − a) × (s − b) × (s − c) )

வடகிழக்கு முக்கோணத்தின் பக்கங்கள் 78, 50, 80. கூட்டினால் 208, பாதி 104. அதிலிருந்து ஒவ்வொரு பக்கத்தையும் கழிக்க 26, 54, 24. நான்கையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 1872 சதுரடி.

தென்மேற்கு முக்கோணத்தின் பக்கங்கள் 74, 26, 80. பாதி 90. கழித்தால் 16, 64, 10. பெருக்கி வர்க்கமூலம் எடுக்க 960 சதுரடி.

இரண்டும் சேர்ந்து 2832. சென்ட் வேண்டுமானால் 435.6-ஆல் வகுங்கள், 6.50. சென்ட்டாக மாற்றுவதைக் கடைசியில் ஒரே தடவை செய்யுங்கள். கழிக்கும்போது ஏதாவது சுழியாகவோ எதிர்மறையாகவோ வந்தால் கால்குலேட்டரைத் திட்டாதீர்கள். இரண்டு பக்கங்களின் கூட்டுத்தொகை மூன்றாவதைவிடக் கூடுதலாக இல்லை என்று பொருள், அப்படி ஒரு முக்கோணம் கிடையாது. திரும்பப் போய் அளக்க வேண்டியதுதான்.

5. ஐந்து அளவுகளும் எடுத்துவிட்டால் பரப்பு கிடைத்துவிடும், ஆனால் அந்த ஐந்தில் ஒன்று தவறாக இருந்தால் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. அதனால் மற்ற மூலைவிட்டத்தையும் அளந்துகொண்டு வாருங்கள். அதைப் பரப்புக்குப் பயன்படுத்த வேண்டாம், சாட்சியாக வைத்துக்கொள்ளுங்கள்.

சாட்சியை விசாரிக்கும் முறை இது. முதல் முக்கோணத்தின் பரப்பை இரட்டித்து 80-ஆல் வகுத்தால் 46.8 அடி. ஈசானிய மூலை நம் குறுக்குக்கோட்டிலிருந்து அவ்வளவு தூரம் செங்குத்தாக விலகி நிற்கிறது. இரண்டாவதிலும் அப்படியே செய்தால், கன்னி மூலை மறுபக்கம் 24 அடி விலகி நிற்பது தெரியும். இந்தச் செங்குத்துகள் குறுக்குக்கோட்டைத் தொடும் இடங்களையும் வாயு மூலையிலிருந்து கணக்கிடலாம்: 78-இன் வர்க்கத்தில் 46.8-இன் வர்க்கத்தைக் கழித்து மூலம் எடுக்க 62.4 அடி, 26, 24 இரண்டிலும் அதையே செய்ய 10 அடி. ஆக ஈசானியத்துக்கும் கன்னிக்கும் இடையே கோட்டின் போக்கில் 52.4 அடி, கோட்டுக்குக் குறுக்கே 70.8 அடி. இரண்டின் வர்க்கங்களையும் கூட்டி மூலம் எடுத்தால் 88.08, அதாவது 88 அடி 1 அங்குலம். டேப்பும் ஓரிரு அங்குலத்துக்குள் இதையே காட்டினால் நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம். ஓர் அடி தள்ளி நின்றால் எங்கோ ஒரு கல் மாறியிருக்கிறது, அல்லது ஓர் எண் தப்பாக எழுதப்பட்டிருக்கிறது.

நில அளவைத் துறையின் புலப்படத்தைப் பார்த்திருப்பீர்கள். அதில் மூலையிலிருந்து மூலைக்கு ஓடும் ஜி லைனும், அதிலிருந்து இருபுறமும் கிளம்பும் செங்குத்தளவுகளும் இதே வேலையைத்தான் செய்கின்றன. குறுக்குக்கோடு 80, செங்குத்துகள் 46.8-உம் 24-உம், கூட்டினால் 70.8, 80-ஆல் பெருக்கிப் பாதியாக்கினால் அதே 2832. புலப்படத்தின் அளவுகள் மீட்டரில் இருக்கும், அடியோடு ஒப்பிடும் முன் மாற்றிக்கொள்ளுங்கள்.

6. எந்த மூலைவிட்டத்தைப் பரப்புக்கு எடுப்பது? நல்ல சதையுள்ள முக்கோணங்கள் எதில் கிடைக்குமோ அதை. மேலே சொன்ன சாய்ந்த மனையில் 95 அடிக் கோட்டை எடுத்தால் ஒரு முக்கோணத்தின் பக்கங்கள் 74, 26, 95. சிறிய பக்கங்கள் இரண்டும் சேர்ந்து 100 அடிதான், முக்கோணம் கத்திபோல ஒடுங்கிக் கிடக்கிறது. அங்கே 95-ஐ அரை அடி கூட்டிப் படித்துவிட்டால் மனையின் மொத்தப் பரப்பில் 29 சதுரடி காணாமல் போகும். அதே மனையின் மற்றக் குறுக்களவு ஏறக்குறைய 70 அடி. அதில் அரை அடி தவறினால் 17 சதுரடி அளவுக்குத்தான் மாறும். நம் நேரான மனையிலோ 80-இல் அரை அடி பிசகினால் 4 சதுரடிதான். மனை எவ்வளவு சாய்ந்திருக்கிறதோ அவ்வளவு கவனமாக டேப்பைப் படிக்க வேண்டும். சந்தேகம் என்றால் குட்டையான மூலைவிட்டத்தை எடுங்கள்.

7. ஒரு மூலை உள்வாங்கியிருந்தால், அந்த மூலையிலிருந்து கிளம்பும் மூலைவிட்டத்தையே எடுங்கள். மற்றது மனைக்கு வெளியே, பக்கத்து வீட்டுக்காரர் நிலத்தில் ஓடும். அதைத்தான் அளக்க முடிந்தது என்றால் முக்கோணங்களைக் கூட்டக் கூடாது, பெரியதிலிருந்து சிறியதைக் கழிக்க வேண்டும்.

8. 50 அடி 6 அங்குலத்தை 50.6 என்று எழுதாதீர்கள், அது 50.5. அங்குலத்தை 12-ஆல் வகுத்த பிறகுதான் புள்ளி வைக்கலாம். 78 அடி 11 அங்குலம் 78.11 ஆகிவிட்டால் கிட்டத்தட்ட 10 அங்குலம் போய்விடும். எண்ணை எழுதுபவர் ஒருவர், டேப்பைப் படிப்பவர் இன்னொருவர் என்றால் எழுதியவர் உரக்கத் திரும்பச் சொல்லட்டும்.

9. பக்கம் வளைந்திருந்தால் அது நாற்பக்க மனையே அல்ல. வாய்க்கால் ஓரமோ வண்டிப்பாதை ஓரமோ கோடு வளையும் இடத்தில் ஒரு முளை அடித்து அதையும் ஒரு மூலையாக எண்ணுங்கள். மூலை ஐந்தானால் முக்கோணம் மூன்று, மூலைவிட்டம் இரண்டு. முறை ஒன்றேதான்.

10. கணக்கை முடித்ததும் மூலைவிட்டத்தைப் பத்திரத்தில் ஏற்றச் சொல்லுங்கள். நான்கு பக்கங்களுக்குக் கீழே ஒரு வரி போதும்: “வாயு மூலைக் கல்லிலிருந்து அக்னி மூலைக் கல்லுக்குக் குறுக்களவு 80 அடி.” எந்த மூலையிலிருந்து எந்த மூலைக்கு என்று பெயர் சொல்லி எழுத வேண்டும், வெறும் “குறுக்களவு 80” என்றால் எந்தக் கோடு என்று அடுத்து வருபவருக்குத் தெரியாது. எழுதுபவர் இடமில்லை என்றால் வரைபடம் ஒன்று போட்டு, அதில் ஆறு அளவுகளையும் குறித்துப் பத்திரத்தோடு இணைக்கக் கேளுங்கள். பிறகு ஒரு கல் காணாமல் போனாலும், மீதி மூன்று கற்களில் இரண்டிலிருந்து டேப்பைப் பிடித்து அந்த இடத்தை மறுபடி கண்டுபிடிக்கலாம். மூன்றாவது கல்லிலிருந்து அளந்து சரிபார்க்கலாம்.