சொல்லாமல் மறையும் ரெக்கார்டுகள்

இரவு லோடு பொறுப்பை முதன்முதலாக எடுத்துக்கொள்ளும் பிள்ளைகளுக்கு இதை எழுதுகிறேன். ஓர் ஆர்டர் டேபிளை வைத்தே பேசுவோம். போன லோடுக்குப் பிறகு `updated_at` மாறிய ரெக்கார்டுகளை மட்டும் தினமும் இழுத்து வேர்ஹவுஸில் சேர்க்கிறீர்கள்.

1. கேன்சல் வேறு, டெலிட் வேறு. கேன்சல் ஆன ஆர்டர் மூல டேபிளில் இருக்கிறது. அதன் நிலை மட்டும் மாறியிருக்கிறது. `updated_at` சரியாக நகர்ந்தால் அது உங்களிடம் வந்துவிடும். டெலிட் ஆனது அங்கே இல்லவே இல்லை, அதனால் எந்தத் தேதியை வைத்துக் கேட்டாலும் வராது. கேன்சலையும் முழுக்க நம்பிவிடாதீர்கள். போஸ்ட்கிரெஸில் `updated_at` தானாக நகராது. அப்ளிகேஷனோ டிரிக்கரோ அதை மாற்ற வேண்டும். டிரிக்கர் இல்லாத டேபிளில் யாராவது நேராக ஒரு `UPDATE` ஓட்டி நூறு ஆர்டர்களைக் கேன்சல் செய்தால், உங்கள் லோடு அதைப் பார்க்காது. மூல டேபிளிலும் உங்களிடமும் நிலைவாரியாக ஆர்டர்களை எண்ணிப் பாருங்கள். மொத்தம் ஒத்துப்போய், உங்களிடம் கேன்சல் எண்ணிக்கை குறைந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

2. ஆர்டரைவிட அதன் உள்வரிகளில்தான் அதிகம் ஏமாறுவீர்கள். 1,800 ரூபாய் ஆர்டர் ஒன்றில் 900, 600, 300 என மூன்று பொருள்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாடிக்கையாளர் 300 ரூபாய்ப் பொருளை வேண்டாம் என்கிறார். அப்ளிகேஷன் அந்த வரியை டெலிட் செய்து, ஆர்டர் மொத்தத்தை 1,500 ஆக்குகிறது. உங்கள் லோடு புதிய மொத்தத்தைக் கொண்டுவரும். பழைய மூன்றாவது வரியோ வேர்ஹவுஸிலேயே கிடக்கும். தலைப்பில் 1,500, வரிகளைக் கூட்டினால் 1,800. திருத்தும்போதெல்லாம் எல்லா வரிகளையும் அழித்துப் புது ஐடியோடு எழுதும் அப்ளிகேஷன்களும் உண்டு. அங்கே கூட்டுத்தொகை 3,300 ஆகிவிடும்.

இதற்கு வழி, வரிகளைத் தனித்தனியாகத் துரத்தாமல் இருப்பதுதான். எந்த ஆர்டர் மாறியதோ அதன் வரிகள் எல்லாவற்றையும் மூலத்திலிருந்து மறுபடி எடுங்கள். வேர்ஹவுஸில் அந்த ஆர்டரின் பழைய வரிகளை நீக்கிவிட்டு, ஒரே டிரான்சாக்‌ஷனில் புதியவற்றை வையுங்கள். வரி மாறும்போது ஆர்டரின் `updated_at`உம் மாறினால்தான் இது பலிக்கும். அதை முதலில் சோதித்துப் பாருங்கள்.

3. முழு ஆர்டரே டெலிட் ஆனதைக் கண்டுபிடிக்க, மூலத்தில் இப்போது இருக்கும் ஐடிகளை மட்டும் எடுத்து, `src_keys` டேபிளில் வைத்து ஒப்பிடுங்கள். ஒரே ஒரு நெடுவரிசை என்பதால் பெரிய டேபிளிலும் பாரம் குறைவு.

```sql
UPDATE dw_orders d
SET deleted_at = now()
WHERE d.deleted_at IS NULL
  AND NOT EXISTS (
    SELECT 1 FROM src_keys s
    WHERE s.order_id = d.order_id);
```

வரிசை முக்கியம். லோடு முடிந்த பிறகே ஐடி பட்டியலை எடுக்க வேண்டும். முன்னாலேயே எடுத்துவிட்டால், இடைப்பட்ட நேரத்தில் பிறந்து லோடில் வந்த ஆர்டர் பட்டியலில் இருக்காது. உயிரோடு இருப்பதற்கே டெலிட் முத்திரை விழும். பட்டியலைப் பக்கம் பக்கமாக `OFFSET` வைத்தும் எடுக்காதீர்கள். நடுவில் ஒரு ரெக்கார்டு டெலிட் ஆனால் பின்னால் இருப்பவை ஓரிடம் முன்னே நகரும், அடுத்த பக்கத்தின் முதல் ஐடி உங்கள் கையில் சிக்காமல் போகும். கடைசியாகப் பார்த்த ஐடியைவிடப் பெரியவை என்று கேட்டு வாங்குங்கள்.

4. மேலே உள்ள கட்டளை எதையும் அழிக்கவில்லை, முத்திரை மட்டும் குத்துகிறது. அது வேண்டுமென்றே செய்தது. நான் வேலை பார்த்த ஓரிடத்தில் ஐடி பட்டியல் பாதியில் அறுந்துபோனதை யாரும் கவனிக்கவில்லை. பாதி ஆர்டர்கள் காணாமல் போனதாகக் குறிக்கப்பட்டுவிட்டன. அந்த ஓட்டம் முழுவதற்கும் `deleted_at` ஒரே நேரம் என்பதால், அந்த நேரத்தைத் தேடி `NULL` ஆக்கி மீட்டோம். அதன் பிறகு, டெலிட் எண்ணிக்கை வழக்கத்தைவிட மிகவும் கூடினால் ஓட்டம் தானே நின்று ஆளைக் கூப்பிடும்படி வைத்துவிட்டேன். நீங்களும் முதல் நாளே அப்படி வைத்துவிடுங்கள். டெலிட் ஆன ஆர்டர் திரும்பி வந்தால் முத்திரையை எடுக்கவும் லோடில் ஏற்பாடு வேண்டும்.

5. மார்ச் மாத ஆர்டர் மே மாதத்தில் கேன்சல் ஆகும். கடைசி மூன்று நாள் தொகையை மட்டும் திருத்தும் சுருக்க டேபிளில் மார்ச் வருமானம் பழையபடியே நிற்கும். மாறிய ரெக்கார்டுகளின் ஆர்டர் தேதிகளைத் திரட்டி, அந்த நாள்களை மறுபடி கணக்கிடுங்கள்.

6. டேட்டாபேஸின் லாகைப் படித்தால் ஒவ்வொரு டெலிட்டும் நிகழ்வாகவே கையில் வரும். வசதி இருந்தால் அதையே செய்யுங்கள். போஸ்ட்கிரெஸில் வழக்கமான அமைப்பில் டெலிட் நிகழ்வோடு பிரைமரி கீ மட்டுமே வரும், தொகையோ வாடிக்கையாளரோ வராது என்பதை மனத்தில் வையுங்கள். மைஎஸ்க்யூஎல் 8.0 பின்லாகைத் தானாக வைத்திருப்பது 30 நாள்தான். படிக்கும் புரோகிராம் அதற்கு மேல் நின்றுவிட்டால் நடுவில் போன டெலிட்கள் லாகில் கிடைக்காது. அப்போது மூன்றாவதாகச் சொன்ன ஐடி ஒப்பீட்டைத்தான் ஓட்ட வேண்டும்.