எண் எப்படி நகர்கிறது என்று பாருங்கள்

மதுராந்தகம், அச்சரப்பாக்கம் பக்கத்தில் நெல்லும் அரிசி மாவும் சோதிக்கும் சிறு ஆய்வகம் வைத்திருப்பவர்கள் அடிக்கடி சொல்லும் குறை ஒன்று உண்டு: "ஒரே மாவுதான், ஒரே தராசுதான். ஐப்பசியில் ஒரு ஈரப்பதம் வருகிறது, சித்திரையில் வேறொன்று வருகிறது. தராசைப் பழுது பார்க்கணுமா?" பெரும்பாலும் தராசில் பழுது இருக்காது. ஒரு மில்லிகிராமில் பத்தில் ஒரு பங்கைக் காட்டும் தராசு, தட்டில் வைத்த பொருளோடு சுற்றியிருக்கும் காற்றையும் சேர்த்தே உணர்கிறது. வடகிழக்குப் பருவமழை நாட்களில் கடலோரக் காற்று எப்படி இருக்கும் என்று இந்தப் பக்கத்தவருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஆளை அழைப்பதற்கு முன் இரண்டு நிமிடம் திரையைக் கவனியுங்கள். எண் மேலும் கீழும் ஆடினால் காற்றோட்டம். ஒரே திசையில் மெல்ல ஏறினால் ஈரம் உறிஞ்சப்படுகிறது, அல்லது கிண்ணம் இன்னும் சூடாக இருக்கிறது. ஒரே திசையில் இறங்கினால் ஏதோ ஆவியாகிக்கொண்டிருக்கிறது. கதவைத் திறந்து மூடும்போதோ கையை அருகே கொண்டுபோகும்போதோ சில மில்லிகிராம் தாவினால் நிலைமின்னைச் சந்தேகிக்கலாம். எண் அசையாமல் நின்றும் தவறாக இருந்தால் அது காற்றின் மிதப்பு. அதைத் திரை காட்டிக்கொடுக்காது, கணக்குதான் காட்டும்.

அரிசி மாவையே எடுத்துக்கொள்வோம். மூடியோடு காய்ந்த கிண்ணம் 28.4127 கிராம். மாவு போட்டபின் 33.4385, ஆக மாவு 5.0258 கிராம். 130 டிகிரி அடுப்பில் ஒன்றரை மணி நேரம் காய்ந்து, ஆறியபின் 32.8354. இழப்பு 0.6031 கிராம், ஈரப்பதம் 12.00 சதவீதம். இதே கிண்ணத்தை மூடி திறந்தபடி தராசில் வைத்து, எண் நிற்கட்டும் என்று காத்திருந்தீர்கள் என்று வையுங்கள். காய்ந்த மாவு ஈரத்தை இழுக்கும் வேகத்தில் 8 மில்லிகிராம் ஏறினால் விடை 11.84 ஆகிவிடும். மாறாக, கிண்ணம் ஆறும் முன்பே அவசரமாக வைத்தால், சூட்டில் மேலெழும் காற்று தட்டைச் சற்றுத் தூக்கும். எடை 5 மில்லிகிராம் குறைவாகத் தெரிந்தாலே விடை 12.10. இரண்டு பிழையும் எதிரெதிர்த் திசையில் இழுப்பதால், இரண்டையும் சேர்த்துச் செய்பவருக்குச் சில நாள் சரியான விடையும் கிடைக்கும். அவரைத்தான் திருத்துவது கடினம்.

ஏறும் எண்ணுக்கு எது காரணம் என்று எப்படிப் பிரிப்பது? மாவில்லாத வெறும் கிண்ணத்தை அதே அடுப்பில் சூடாக்கி, அதே நேரம் ஆறவிட்டு எடை போடுங்கள். அதுவும் ஏறினால் சூடுதான் காரணம். கொஞ்ச நேரத்தில் பழைய எடைக்கு வந்து நின்றுவிடும். வெறும் கிண்ணம் அசையாமல் மாவுக் கிண்ணம் மட்டும் ஏறினால் ஈரம்.

ஈரத்துக்கு மருந்து மூடிதான். அடுப்பிலிருந்து எடுக்கும்போதே மூடி, டெசிகேட்டரில் அரை மணி முதல் முக்கால் மணி நேரம் ஆறவையுங்கள். எத்தனை நிமிடம் என்பதை விட, வெறும் கிண்ணத்துக்கும் மாவுக் கிண்ணத்துக்கும் ஒரே நேரம் கொடுப்பது முக்கியம். நீலச் சிலிக்கா ஜெல் இளஞ்சிவப்பாகியிருந்தால் அந்த டெசிகேட்டர் வெறும் கண்ணாடிப் பெட்டி. மழைக்காலத்தில் ஜெல்லை அடிக்கடி அடுப்பில் வறுத்தெடுக்க வேண்டியிருக்கும். சூடான கிண்ணங்கள் ஆறும்போது உள்ளே அழுத்தம் குறையும். அப்போது மூடியைச் சட்டென இழுத்தால் பாயும் காற்றில் மாவு பறக்கும். குழாய் இருந்தால் மெல்லத் திறங்கள், இல்லாவிட்டால் மூடியை நகர்த்தி நகர்த்தித் திறங்கள். ஒரே டெசிகேட்டரில் பத்துக் கிண்ணத்தை அடுக்கி ஒவ்வொன்றாய் எடுத்தால், ஒவ்வொரு முறையும் புதுக் காற்று உள்ளே போகிறது; கடைசிக் கிண்ணம் முதல் கிண்ணத்தின் நிலைமையில் இருக்காது. விரலால் தொடாமல் இடுக்கியால் எடுங்கள்.

இதில் ஒரு அளவும் வேண்டும். கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத வரம்புக்கு நெல்லைப் பார்க்கும்போது 0.16 சதவீதத்துக்காக மல்லுக்கட்டத் தேவையில்லை. ஆலத்தூர் மருந்துப் பூங்காவில் உலர்த்தும்போது அரை சதவீதத்துக்கு மேல் இழக்கக் கூடாது என்று கட்டுப்பட்ட பொடிக்கு அதே பிழை கதையை மாற்றிவிடும். அணு எடைகளை அளந்து 1914-ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்ற தியடோர் ரிச்சர்ட்ஸ், உலர்ந்த காற்றுக்குள்ளேயே எடைப் புட்டியை மூடும் கருவியை வடிவமைத்தார். அவ்வளவு சிரமம் எல்லோருக்கும் தேவைப்படாது. சோடியம் ஹைட்ராக்சைடு போன்ற பொருளோடு போராடவே வேண்டாம்: தோராயமாக எடுத்துக் கரைத்து, உலர்த்திய பொட்டாசியம் ஹைட்ரஜன் தாலேட்டை வைத்து அதன் செறிவைக் கண்டுபிடிப்பதே சரி.

ஈரத்துக்கு அஞ்சி ஏ.சி.யும் ஈரநீக்கியும் போட்டு அறையை 40 சதவீதத்துக்குக் கீழே உலர்த்தினால், மற்றொரு தொல்லை நுழைகிறது. பிளாஸ்டிக் எடைப் படகிலும் உலர்ந்த பொடியிலும் நிலைமின் சேரும். சந்தேகம் வந்தால் அதே பொடியை உலோகக் கிண்ணத்தில் வைத்துப் பாருங்கள். தாவல் நின்றுவிட்டால் காரணம் தெரிந்துவிட்டது. ஈரப்பதத்தை 45 முதல் 60 சதவீதத்துக்குள் வைத்து, படகுக்குப் பதில் உலோகக் கிண்ணம் பயன்படுத்துவது பெரும்பாலும் போதும். ஏ.சி. காற்று நேராகத் தராசின் மேல் வீசாதபடி பாருங்கள். இடத்தை மாற்ற முடியாவிட்டால் எடைபோடும் அந்தச் சில நிமிடம் அதை நிறுத்துங்கள்.

ஆவியாகும் திரவத்துக்கும் மூடியே முதல் வழி. சிரிஞ்சில் எடுத்து எடை போட்டு, திரவத்தைக் குடுவைக்குள் செலுத்தி, சிரிஞ்சை மீண்டும் எடை போட்டால், வித்தியாசம்தான் உள்ளே போன அளவு. திறந்த கிண்ணத்தில்தான் எடை போட்டாக வேண்டும் என்றால் நேரத்தைக் குறியுங்கள். ஊற்றி 30 விநாடியில் 10.2146, 60-இல் 10.2118, 90-இல் 10.2090 என்றால் ஒவ்வொரு அரை நிமிடத்துக்கும் 2.8 மில்லிகிராம் போகிறது. பின்னோக்கிக் கணக்கிட்டால் ஊற்றிய கணத்தில் 10.2174. இறக்கம் சீராக இல்லாவிட்டால் இந்தக் கணக்கை நம்பாதீர்கள்.

மிதப்புக்கு வருவோம். தராசு, அடர்த்தி 8.0 உள்ள எஃகு எடைக்கற்களைக் கொண்டு சரிசெய்யப்படுகிறது. அதே எடையுள்ள நீர் எஃகைவிட அதிக இடம் அடைப்பதால், காற்று அதை அதிகமாகத் தாங்குகிறது. 25 டிகிரியில் சரியாக 100 மில்லி கொள்ளும் குடுவையில் நிரம்பும் நீரின் நிறை 99.705 கிராம். தராசு காட்டுவது 99.602. அந்த எண்ணை நேரே நீரின் அடர்த்தியான 0.99705-ஆல் வகுத்தால் 99.897 மில்லி வரும். ஏ வகுப்புக் குடுவைக்கு அனுமதி 0.1 மில்லிதான், நல்ல குடுவையை நீங்கள் தள்ளிவிடுவீர்கள். வாசிப்பை 1.00103-ஆல் பெருக்கிய பின் வகுத்தால் 100.00 மில்லி கிடைக்கும். மாவின் ஈரப்பதத்தில் இந்தத் திருத்தம் மேலும் கீழும் ஏறக்குறைய ஒன்றாகவே வந்து வெட்டிப்போகும், அங்கே விட்டுவிடலாம். நீரை எடை போட்டுப் பிப்பெட்டையும் குடுவையையும் சரிபார்க்கும்போது மட்டும் விடக் கூடாது.