விதைப் பொட்டலத்தை வாசித்து விதைப்போம்

கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சை பயிரிடுவோர், நடுவதற்கு எடுத்த குச்சி உயிரோடிருக்கிறதா, காய்ந்துவிட்டதா என்பதைத் தோலை நகத்தால் சற்றுக் கீறியே அறிந்துகொள்வர். பச்சை தெரிந்தால் நடுவர், இல்லையேல் ஒதுக்குவர். விதையை இவ்வாறு சோதிக்க இயலாது. உயிருள்ள வெண்டை விதையும் உயிரிழந்த வெண்டை விதையும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தோன்றும். ஆதலால், விதையைப் பற்றி விதைக்கு முன்பே நமக்குச் சொல்லக்கூடியது அதன் பொட்டலத்தில் அச்சிட்டுள்ள எண்களே. ராயப்பன்பட்டியில் ஒரு வீட்டின் கொல்லையில் வெண்டைப் பாத்தி ஒன்று போடுவதாக வைத்துக்கொண்டு, அவ்வெண்களை ஒவ்வொன்றாக வாசித்துப் பார்ப்போம்.

இருவகை எண்கள்

பொட்டலத்திலுள்ள எண்கள் யாவும் ஒரே தன்மையன அல்ல. முளைப்புத்திறன், தூய்மை, குவியல் எண், பரிசோதனை செய்த நாள், செல்லத்தக்க கடைசி நாள் ஆகியவை விற்பனையாளர் சட்டப்படி பொறுப்பேற்கும் விவரங்கள். 1966-ஆம் ஆண்டின் விதைச் சட்டத்தின்படி, அறிவிக்கப்பட்ட இரகங்களின் விதைகள் குறிப்பிட்ட முளைப்புத்திறனுக்குக் குறையாமல் இருத்தல் வேண்டும். அதனைப் பொட்டலத்தில் காட்டவும் வேண்டும். விதைக்கும் ஆழம், இடைவெளி, அறுவடை நாள் ஆகிய மூன்றும் அவ்வாறல்ல. அவை விதை தந்தவர் கூறும் ஆலோசனை. நம் மண்ணுக்கும் பருவத்துக்கும் ஏற்றவாறு நாம் சற்று மாற்றிக்கொள்ளத்தக்கவை.

பல பொட்டலங்களில் இவை ஆங்கிலத்திலேயே இருக்கும். ஜெர்மினேஷன் என்றிருப்பது முளைப்புத்திறன். லாட் நம்பர் என்பது குவியல் எண். டேட் ஆஃப் டெஸ்ட் என்பது பரிசோதனை நாள். வேலிட் அப்டு என்பது செல்லத்தக்க கடைசி நாள். இந்த நான்கு சொற்களை ஊராட்சி உறுப்பினர் ஒருவர் அறிந்திருந்தால், தம் வார்டில் உள்ளோர்க்குப் படித்துச் சொல்ல அதுவே போதும்.

முளைப்புத்திறன்: எத்தனை விதை ஊன்றுவது?

சான்று பெற்ற வெண்டை விதைக்குக் குறைந்த அளவு முளைப்புத்திறன் 65 சதவிகிதம், கத்தரிக்கும் தக்காளிக்கும் 70, மிளகாய்க்கு 60. விதைப் பரிசோதனை நிலையத்தில் 400 விதைகளை நூறு நூறாகப் பிரித்து முளைக்க வைத்து இதனைக் கணக்கிடுகின்றனர். வேர் வெளியே எட்டிப்பார்த்தால் மட்டும் அவ்விதை கணக்கில் சேராது. வேரும் தண்டும் ஒழுங்காக அமைந்த நாற்றுகளையே எண்ணுகின்றனர்.

இனி நம் பாத்திக்கு வருவோம். 3 மீட்டர் நீளமுள்ள பாத்தியில் மூன்று வரிசைகள். வரிசைக்கு 10 குழிகள். ஆக 30 குழிகள். முளைப்புத்திறன் 65 என்றிருக்கையில் குழிக்கு ஒரு விதை வீதம் ஊன்றினால், ஏறத்தாழ 10 குழிகள் வெறுமையாகவே நிற்கும். குழிக்கு இரண்டு விதை ஊன்றினால், இரண்டுமே முளைக்காத குழிகள் நான்களவில் இருக்கும். மூன்று ஊன்றினால் ஒரு குழிதான் பொய்க்கும். வெண்டையைக் குழிக்கு மூன்றாக ஊன்றும் வழக்கத்தின் காரணம் இதுவே. பொட்டலத்தில் 90 என்றிருந்தால் இரண்டு விதையே போதுமானது.

ஆயினும் இரண்டு செய்திகளை மறத்தலாகாது. முதலாவது, பரிசோதனை நிலையத்தில் விதைக்கு வேண்டிய ஈரமும் வெப்பமும் குறையாமல் கிடைக்கின்றன. கொல்லையில் அவ்வாறு கிடைப்பதில்லை. எனவே மண்ணில் முளைப்பது அச்சிட்ட எண்ணைவிடக் குறைவாகவே இருக்கும். இரண்டாவது, அவ்வெண் பரிசோதனை நாளன்று இருந்த நிலையைக் காட்டுவது. சான்று விதைக்குப் பரிசோதனை நாளிலிருந்து முதலில் ஒன்பது மாதமே செல்லுபடிக் காலம் தரப்படுகிறது. சூடும் ஈரமும் தாக்கும் இடத்தில் கிடந்த விதை, அந்நாள் தீரும் முன்பே வலுவிழக்கக்கூடும்.

ஐயம் இருப்பின் வீட்டிலேயே சோதிக்கலாம். 20 விதைகளை ஈரத் துணியில் இடைவிட்டுப் பரப்பிச் சுருட்டி, நிழலில் வைத்து, துணி உலராதபடி நீர் தெளித்து வருக. ஏழாம் நாள் எண்ணிப் பார்க்குங்கால் 13 நல்ல முளைகள் இருப்பின், அது 65 சதவிகிதம். இருபது விதை சிறிய கணக்காதலால், ஒன்றிரண்டு குறைவதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. 10 முளைத்திருந்தால் குழிக்கு நான்கு விதையாக ஊன்றிச் சரிக்கட்டலாம். எட்டுக்கும் குறைந்தால் விதையை மண்ணில் இடாமல் விற்றவரிடம் கொண்டு செல்வதே முறை. நஞ்சு மருந்து கலந்த விதையாயின், தொட்டபின் கையைக் கழுவுதல் வேண்டும்.

ஆழம்: விதையின் கனமே அளவு

விதை தன்னுள் இருக்கும் உணவைக்கொண்டே மண்ணைத் துளைத்து மேலே வருகிறது. சிறிய விதையில் அவ்வுணவு சிறிது. ஆகவே விதையின் கனத்தைப் போல் இரண்டு, மூன்று மடங்கு ஆழமே தக்கதென்பர். வெண்டைக்கு 2 முதல் 2½ சென்டிமீட்டர். அதாவது சுட்டுவிரலின் முதற்கணு அளவு. கீரை விதையை மணலோடு கலந்து தூவி, மேலே மெல்லிய மண் மூடினால் போதும். அதனை வெண்டையின் ஆழத்தில் புதைத்தால் மேலே வராது.

ஆனி, ஆடி மாதங்களில் பள்ளத்தாக்கில் வீசும் காற்று மேல்மண்ணை விரைவில் உலர்த்திவிடும். அப்பொழுது பொட்டலத்தில் கூறிய ஆழத்தில் மிகுந்த அளவையே கொண்டு, பாத்தியின்மீது வைக்கோலைத் தூவி மூடாக்கு இடுவது நலம். முளை தெரிந்ததும் அதனை விலக்கிவிட வேண்டும். களிமண் மிகுந்த நிலத்திலோ, நீர் பாய்ச்சியபின் மேலே ஏடு கட்டி இறுகுமாதலால் குறைந்த ஆழமே ஏற்றது. அங்கு வாளியால் நீர் கொட்டாமல் பூவாளியால் தெளிக்க வேண்டும்.

எட்டாம் நாளாகியும் முளை தெரியாத குழியை விரலால் மெல்லத் தோண்டிப் பாருங்கள். குறை எங்குள்ளது என்பதை மண்ணே காட்டும். முளை சுருண்டு, ஏட்டின் அடியில் மடிந்து கிடந்தால், விதை நல்லது. ஆழமோ மண்ணின் இறுக்கமோ தடுத்தது. விதை ஊறாமல் கெட்டியாகவே இருந்தால் ஈரம் எட்டவில்லை. விதையே காணப்படாவிடில் எறும்போ கோழியோ கொண்டுபோயிற்று. விதை குழைந்து அழுகியிருந்தால், நீர் மிகுந்து நின்றதா என முதலில் பார்க்க வேண்டும். நீர் தேங்காத பல குழிகளிலும் அவ்வாறே இருப்பின், விதையின்மீது ஐயங்கொள்ள இடமுண்டு.

இடைவெளி: நெருக்கத்தால் வரும் நட்டம்

வெண்டைக்கு வரிசைக்கு வரிசை 45 சென்டிமீட்டரும், செடிக்குச் செடி 30 சென்டிமீட்டரும் விடுவது வழக்கம். பொட்டலத்தில் இரண்டு எண்கள் பெருக்கற்குறியோடு இருந்தால், பொதுவாகப் பெரியது வரிசை இடைவெளி. சிறியது செடி இடைவெளி. 30 குழியிலும் மூன்று விதை ஊன்றியபின், முளைத்த அனைத்தையும் இரக்கப்பட்டு விட்டுவைப்பது பலரிடமும் காணப்படும் வழக்கம். பத்தாம் நாளளவில் குழிக்குத் திடமான ஒரு செடியை நிறுத்தி, மற்றவற்றை அடியோடு கிள்ளிவிட வேண்டும். பிடுங்கினால் நிற்கும் செடியின் வேரும் அசையும். கலைக்காமல் விட்டால் செடிகள் ஒளியைத் தேடி உயர்ந்து மெலியும், காயும் குறையும்.

நாள்கள்: எந்த நாளிலிருந்து எண்ணுவது?

நேரே விதைக்கும் வெண்டைக்கு விதைத்த நாளிலிருந்து எண்ண வேண்டும். ஜூன் 15-இல் ஊன்றி, பொட்டலத்தில் 45 நாள் என்றிருப்பின், ஜூலை 30 அளவில் முதற்காய் பறிக்கலாம். இது முதற்பறிப்பின் நாளே. செடி 90 நாளுக்கு மேலும் காய்க்கும். ஒன்றுவிட்டு ஒருநாள் பறிக்காவிடில் காய் முற்றிவிடும்.

நாற்றுவிட்டு நடும் தக்காளி, கத்தரி, மிளகாய் ஆகியவற்றிற்குப் பல பொட்டலங்கள் நட்ட நாளிலிருந்தே எண்ணுகின்றன. தக்காளிக்கு 70 நாள் என்றிருப்பதாகக் கொள்வோம். ஜூன் 15-இல் நாற்றங்காலில் விதைத்தவர் ஆகஸ்ட் 24-இல் பழத்தை எதிர்பார்ப்பார். ஆனால் 25 நாள் நாற்றை ஜூலை 10-இல் நட்டிருந்தால், பழம் வருவது செப்டம்பர் 18 அளவில்தான். இடைப்பட்ட 25 நாளுக்கு வீட்டில் காய் வேண்டுமாயின், ஏறத்தாழ 25 நாளில் பறிக்கக்கூடிய கீரைப் பாத்தி ஒன்றை ஜூலை இறுதியில் விதைத்துக்கொள்ளலாம்.

பொட்டலத்தை எறியலாகாது

10 கிராம் பொட்டலத்தில் ஏறத்தாழ 150 வெண்டை விதைகள் இருக்கும். பாத்திக்கு 90, துணிச் சோதனைக்கு 20 போக, 40 விதைகள் எஞ்சும். அவற்றை அதே பொட்டலத்தில் மடித்து, விலைப்பட்டியோடு உலர்ந்த இடத்தில் வையுங்கள். விதை விற்பவர் உரிமம் பெற்றிருக்கவும், விற்றதற்குப் பட்டியல் தரவும் 1983-ஆம் ஆண்டின் விதைக் கட்டுப்பாட்டு ஆணை கூறுகிறது.

விதையின் குறையால் பயிர் பொய்த்ததென விவசாயி எழுத்தில் முறையிட்டால், 1968-ஆம் ஆண்டின் விதை விதிகளின்படி விதை ஆய்வாளர் பொட்டலத்தையும் எஞ்சிய விதையையும் பெற்று விசாரிக்க வேண்டும். பொட்டலத்தைக் கிழித்தெறிந்து, விதை முழுவதையும் மண்ணில் இட்டவரிடம் ஆய்வாளர் சோதிக்க ஒன்றும் இராது. குவியல் எண் தெரியாவிடில், அதே குவியலின் விதை வேறு எத்தனை வீடுகளுக்குப் போயிற்று என்பதையும் அறிய வழியில்லை.

எனவே ஊராட்சியில் பல வீடுகளுக்கு ஒருங்கே விதை வாங்கித் தரும்பொழுது, உறுப்பினர்கள் ஒரு நோட்டில் வீட்டுக்காரர் பெயர், இரகம், குவியல் எண், பரிசோதனை நாள், விதைத்த நாள் ஆகிய ஐந்தையும் குறித்துக்கொள்ளுதல் வேண்டும். எட்டாம் நாள் முளைத்த குழிகளை எண்ணி, அந்த வரியிலேயே எழுதுக. ஒரே குவியல் எண்ணுள்ள பல வீடுகளிலும் முளைப்புக் குறைந்திருப்பின் விதையைச் சோதிக்கச் சொல்ல வேண்டும். ஒரு வீட்டில் மட்டும் குறைந்திருப்பின் அப்பாத்தியின் ஆழத்தையும் ஈரத்தையும் பார்க்க வேண்டும்.