டப்பா இல்லாத சரக்கை எப்படிக் கட்டுவாங்க?

கன்டெய்னர் கப்பலை நாம எல்லாரும் படத்துலயாவது பார்த்திருப்போம். சென்னை, எண்ணூர் துறைமுகங்களில் இன்னொரு வகைக் கப்பலும் வரும். ஜன்னலே இல்லாத பெரிய அபார்ட்மென்ட் கட்டிடம் மிதந்து வர்ற மாதிரி இருக்கும். நம்ம ஊர்ல செய்யும் கார்கள் வெளிநாட்டுக்குப் போவது அதில்தான். அதன் பெயர் ரோ-ரோ, அதாவது ரோல்-ஆன் ரோல்-ஆஃப். கிரேன் தூக்காது. கப்பலின் பின்பக்கத்தில் இருக்கும் ராம்ப் கரையில் இறங்கும், வண்டிகள் அதன் வழியாகத் தாமே உள்ளே ஓடிப் போகும்.

உள்ளே போன வண்டியைக் கடலில் நகராமல் எப்படி நிறுத்துவது? இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான். கொஞ்சம் ஸ்டாட்டிக்ஸ் ஞாபகம் இருந்தால் போதும்.

முதலில் கன்டெய்னரைப் பாருங்க. அதன் எட்டு மூலையிலும் ஒரே அளவில் ஓட்டை போட்ட எஃகுத் துண்டு இருக்கும். கிரேனின் ஸ்ப்ரெடர் மேலே உள்ள நாலு மூலையைப் பூட்டித் தூக்கும். கப்பலின் மேல்தளத்தில் வைத்ததும் ட்விஸ்ட்லாக் பூட்டு மூலைகளைப் பிடிக்கும், தேவையான இடத்தில் இரும்புக் கம்பிகளைக் குறுக்காக மாட்டி இறுக்குவார்கள். கப்பலின் வயிற்றுக்குள் செல் கைடு என்ற செங்குத்துத் தண்டவாளம் இருந்தால் பெட்டி அதில் வழுக்கி இறங்கி உட்கார்ந்துவிடும், பெரும்பாலும் தனியாகக் கட்டவே வேண்டாம். உள்ளே இருப்பது பஞ்சா, பம்ப்செட்டா என்று துறைமுகத் தொழிலாளிக்குத் தெரிய வேண்டியதில்லை. உள்ளே இருக்கும் பொருளைக் கட்டும் வேலை எங்கோ ஒரு கோடவுனில் ஏற்கெனவே முடிந்துவிட்டது.

ரோ-ரோவில் அந்த வசதி கிடையாது. கார், டிராக்டர், பஸ், டிரான்ஸ்ஃபார்மர் எல்லாமே வேற வேற உருவம், வேற வேற எடை. ஒவ்வொன்றுக்கும் எங்கே கொக்கி மாட்டுவது, எத்தனை கட்டு போடுவது என்று அங்கேயே முடிவு செய்ய வேண்டும். அதனால் ஸ்டீவடோரிங் வேலையே வேறு மாதிரி. ஓட்டுநர்கள் ஒரு குழு, கையசைத்து நிறுத்துபவர் ஒருவர், பின்னாலேயே கட்டுபவர்கள் ஒரு குழு. வண்டியை விட்டு இறங்கிய ஓட்டுநர்களைக் கரைக்குத் திரும்பக் கூட்டிப் போக ஒரு வேன். கார்கள் நெருக்கமாக நிற்கும், பக்கத்து காருக்கும் நம்ம காருக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி கூட இருக்காது. புது காரில் கீறல் விழக் கூடாது என்பதால் மோதிரம், வாட்ச், பெல்ட் பக்கிள் எதுவும் இல்லாத உடையில்தான் வேலை செய்வார்கள்.

காருக்கு சாதாரணமாக வெப்பிங் பெல்ட் போதும், முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. உண்மையான கணக்கு பெரிய சரக்கில்தான் வரும். அதற்குத்தான் பிரேக் பல்க் என்று பெயர், பெட்டிக்குள் அடங்காமல் தனித்தனி உருப்படியாகப் போகும் சரக்கு. சக்கரம் இல்லாத சரக்கு ரோ-ரோவில் எப்படி உருளும்? தாழ்வான ரோல் டிரெய்லர் மேல் ஏற்றி, டக் வண்டியால் இழுத்து உள்ளே விடுவார்கள். துறைமுகத்தில் அதை மாஃபி என்பார்கள்.

36 டன் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று 8 டன் டிரெய்லர் மேல் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இங்கே கட்டு இரண்டு அடுக்கு: டிரான்ஸ்ஃபார்மரை டிரெய்லரோடு கட்டணும், டிரெய்லரைக் கப்பல் தளத்தோடு கட்டணும். இரண்டில் ஒன்றை மறந்தாலும் மற்றதால் பயனில்லை.

எத்தனை சங்கிலி? ஒவ்வொரு கட்டுச் சாதனத்துக்கும் எம்.எஸ்.எல். என்று ஒரு எண் உண்டு, அது தாங்க அனுமதிக்கப்பட்ட அதிகபட்ச இழுவிசை. சங்கிலிக்கு அது அறுபடும் விசையில் பாதி. 200 கிலோநியூட்டனில் அறுபடும் சங்கிலி என்றால் எம்.எஸ்.எல். 100. சர்வதேச கடல்சார் அமைப்பின் சரக்குக் கட்டும் விதித் தொகுப்பில் ஒரு எளிய விதி இருக்கிறது: ஒரு பக்கத்துக் கட்டுகளின் எம்.எஸ்.எல். கூட்டுத்தொகை, சரக்கின் எடைக்குக் குறையக் கூடாது. இரண்டு பக்கமும் தனித்தனியாக இது பொருந்தணும்.

```
36 t × 9.81 = 353 kN  →  4 × 100 = 400 kN
44 t × 9.81 = 432 kN  →  5 × 100 = 500 kN
```

முதல் வரி டிரான்ஸ்ஃபார்மரை டிரெய்லரோடு கட்டுவதற்கு, பக்கத்துக்கு 4 சங்கிலி. இரண்டாவது வரி டிரெய்லரைத் தளத்தோடு கட்டுவதற்கு. அங்கே இரண்டின் எடையும் சேர்வதால் பக்கத்துக்கு 5. மொத்தம் 18 சங்கிலி.

கணக்கு சரியாக வந்துவிட்டது என்று இங்கேயே நிறுத்தினால் தப்பு. மூன்று விஷயம் பார்க்கணும்.

முதலாவது கோணம். சங்கிலி தளத்தோடு 60 டிகிரிக்கு மேல் செங்குத்தாக நின்றால், அது சரக்கு கவிழாமல் பிடிக்க உதவும், பக்கவாட்டில் நகர்வதைத் தடுக்க உதவாது. காஸ் தீட்டா போட்டுப் பாருங்க, ஏன் என்று தெரியும். மேலே சொன்ன விதியில் அப்படிப்பட்ட சங்கிலியைக் கணக்கில் சேர்க்கவே கூடாது.

இரண்டாவது, பலவீனமான கண்ணி. சங்கிலி 100 தாங்கும், அதை மாட்டிய ஷேக்கிள் 50தான் தாங்கும் என்றால் அந்தக் கட்டின் பலம் 50. தளத்தில் இருக்கும் கொக்கி வளையத்துக்கும் இதே கதைதான். ஒரே வளையத்தில் மூன்று சங்கிலியை மாட்டினால் எண்ணிக்கை கூடும், பலம் கூடாது.

மூன்றாவது, கலப்பு. இரண்டு சங்கிலி குறையுதே என்று அந்த இடத்தில் வெப்பிங் பெல்ட் போடுவது ஆபத்து. பெல்ட் நீளும், சங்கிலி அவ்வளவாக நீளாது. கப்பல் சாயும்போது பெல்ட் இன்னும் இழுபட்டுக்கொண்டிருக்கும், அதற்குள் சுமை முழுவதும் சங்கிலிக்குப் போய்விடும். ஒரே திசையில் பிடிக்கும் கட்டுகள் எல்லாம் ஒரே மாதிரி நீளணும்.

இதோடு உராய்வும் இருக்கு. எஃகு மேல் எஃகு என்றால் குணகம் 0.1தான், நனைந்தால் பூஜ்ஜியம் என்றே எடுத்துக்கொள்வார்கள். நடுவே மரப்பலகை அல்லது ரப்பர் வைத்தால் 0.3 ஆகும். அதனால்தான் இவ்வளவு பெரிய டிரான்ஸ்ஃபார்மருக்கு அடியில் சாதாரண மரக்கட்டை இருக்கிறது.

சரி, எல்லாம் பக்காவாகக் கட்டியாச்சு, கப்பல் பத்திரமா? 2015 ஜனவரி 3 அன்று ஹோ ஒசாகா என்ற கார் கப்பல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனிலிருந்து கிளம்பியது. கொஞ்ச நேரத்தில் ஒரு திருப்பத்தில் 40 டிகிரிக்கு மேல் சாய்ந்து, பிராம்பிள் பேங்க் மணல்திட்டில் போய் நின்றது. கப்பலில் இருந்த எல்லாரும் மீட்கப்பட்டார்கள். பார்த்தவர்களுக்கு முதலில் வந்த சந்தேகம், கட்டு அறுந்து சரக்கு நகர்ந்திருக்கும் என்பது. பிரிட்டனின் கடல் விபத்து விசாரணைப் பிரிவு கண்டது வேறு. கப்பல் சாய்ந்த பிறகுதான் சரக்கு நகர்ந்திருக்கிறது. சாய்ந்ததற்குக் காரணம், கிளம்பும்போதே போதிய நிலைத்தன்மை இல்லை.

எப்படி? வழக்கமாகக் கடைசியாக வரும் சவுத்தாம்ப்டனுக்கு அந்த முறை முதலில் வந்தார்கள். சரக்கு அடுக்கும் திட்டம் அதற்கேற்ப மாறவில்லை. மேல்தளங்கள் நிரம்பியிருந்தன, கீழ்த்தளங்களில் சரக்கு குறைவு. கப்பலுக்குக் கொடுத்த எடைக்கும் உண்மையான எடைக்கும் பெரிய வித்தியாசம். கிளம்பும் முன் நிலைத்தன்மைக் கணக்கு முறையாகப் போடப்படவும் இல்லை.

கட்டு சரக்கைக் கப்பலோடு பிடித்து வைக்கும், அவ்வளவுதான். கப்பலை நிமிர்த்தி வைப்பது, எது எந்தத் தளத்தில், என்ன எடையில் நிற்கிறது என்பது. நம்ம கணக்கில் 36 டன் என்று காகிதத்தில் எழுதியிருந்து, உண்மையில் 42 டன் இருந்தால்? 42 × 9.81 = 412, பக்கத்துக்கு 4 சங்கிலி பத்தாது. சங்கிலியின் எண்ணிக்கை, கப்பலின் நிலைத்தன்மை இரண்டும் அந்த ஒரு எண்ணில்தான் தொடங்குது. அதனால் கணக்குப் போடும் முன், எடையை யார், எப்படி அளந்தார்கள் என்று கேளுங்க.