‘உன் ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் சேர்ந்தாச்சு!’: கோச்சிங் விளம்பரத்தில் எதைப் பார்க்க வேண்டும்?

பத்தாம் வகுப்பு படிக்கும் உங்கள் பையன் செல்போனில் வீடியோ பார்க்கிறான் என்று வைத்துக்கொள்வோம். நடுவில் ஒரு விளம்பரம் வருகிறது: “உன் ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் நீட் கோச்சிங்ல சேர்ந்தாச்சு. நீ மட்டும் ஏன் பின்தங்கணும்? இன்னிக்கே அப்பாகிட்ட சொல்லு!” கூடவே 40 மாணவர்களின் போட்டோ, ‘மெடிக்கல் சீட் உறுதி’ என்ற வாசகம்.

இதில் மூன்று இடங்களைக் கவனியுங்கள்.

முதலாவது, பையனிடம் பேசும் அந்த வாசகம். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூனில் வெளியிட்ட விளம்பர நெறிமுறைகளின்படி, “வாங்கு” என்றோ “வாங்கித் தரச் சொல்லி அப்பா, அம்மாவைக் கேள்” என்றோ குழந்தைகளை நேரடியாகத் தூண்டக் கூடாது. வாங்காவிட்டால் மற்றவர்களைவிடத் தாழ்ந்துபோவாய் என்ற எண்ணத்தையும் உண்டாக்கக் கூடாது. பொம்மை, சத்துபான விளம்பரங்களுக்கும் இதே விதிதான்.

இரண்டாவது, போட்டோக்கள். ஐ.ஏ.எஸ். பயிற்சி மையங்கள் சிலவற்றின் விளம்பரங்களை ஆணையம் விசாரித்தபோது, போட்டோவில் இருந்த பலர் இலவச நேர்முகத் தேர்வுப் பயிற்சிக்கு மட்டும் வந்தவர்கள் என்று தெரிந்தது. அதனால், 50 பேருக்கு மேல் படிக்கும் கோச்சிங் சென்டர்களுக்கு 2024 நவம்பரில் தனி நெறிமுறை வந்தது. போட்டோவுடன் அந்த மாணவரின் ரேங்க், படித்த கோர்ஸ், அது எத்தனை நாள், கட்டணம் கட்டிப் படித்தாரா என்பதெல்லாம் இருக்க வேண்டும். தேர்வான பிறகே அவரிடம் எழுத்துமூலம் சம்மதம் வாங்க வேண்டும். இந்த விவரம் இல்லாவிட்டால், “இதில் எத்தனை பேர் முழுக் கோர்ஸ் படித்தார்கள்?” என்று சென்டரிலேயே கேளுங்கள்.

மூன்றாவது, ‘சீட் உறுதி’. சீட்டுக்கோ, மார்க்குக்கோ உத்தரவாதம் தருவதையும் இந்த நெறிமுறை தடுக்கிறது. ‘நிபந்தனைகளுக்கு உட்பட்டது’ என்று பொடி எழுத்தில் போட்டுத் தப்பிக்கவும் முடியாது. மறுப்புக் குறிப்பும் வாசகத்தின் அதே எழுத்து அளவில் இருக்க வேண்டும்.

ஆன்லைன் விளம்பரம் எப்போது வேண்டுமானாலும் மறைந்துவிடும். எனவே முதலில் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். தேதி, சென்டர் பெயர், எந்த ஆப்பில் வந்தது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம்; 8800001915 என்ற எண்ணுக்கு வாட்ஸ்அப்பும் செய்யலாம். மாவட்ட ஆட்சியரிடம் எழுத்துமூலமும் புகார் தரலாம்.

ஒரு விஷயம் தெளிவாக இருக்கட்டும். தவறான விளம்பரத்துக்கு ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். மறுபடியும் செய்தால் 50 லட்சம் வரை. ஆனால் அந்தப் பணம் உங்களுக்கு வராது. நீங்கள் கட்டிய ஃபீஸை மீட்க வேண்டுமானால், 1915 மூலம் பேசித் தீராதபோது, மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் தனியாக வழக்குப் போட வேண்டும். கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் அதற்கு வழக்குக் கட்டணம் கிடையாது. ஃபீஸ் ரசீதும் அந்த ஸ்கிரீன்ஷாட்டும் அங்கே உங்களுக்குச் சாட்சி.